இறுக்கம் வேறு, பிடி வேறு: கிளிப்பும் ஸ்க்ரஞ்சியும் பூச்சரமும் முடியில் எப்படி நிற்கின்றன?

கிளிப் வழுக்கினால் உடனே வரும் யோசனை ஒன்றுதான்: "இன்னும் டைட்டா போடு." ரப்பர் பேண்ட் இறங்கினால் இன்னொரு சுற்று. ஹேர்பேண்ட் பின்னால் நகர்ந்தால் இன்னும் இறுக்கமான ஹேர்பேண்ட். நானும் பல வருடம் அப்படித்தான் செய்தேன். சாயங்காலம் பேண்டைக் கழற்றும்போது தலை விட்டுவிட்டதுபோல ஒரு ஆறுதல் வரும். அந்த ஆறுதல் வந்தாலே எங்கோ தப்பு என்று அப்போது தோன்றவில்லை.

தலையில் மாட்டும் பொருள் நிற்பதற்கு அது எவ்வளவு இறுக்குகிறது என்பது ஒரு காரணம் மட்டுமே. அந்த இறுக்கம் எங்கே போய்ச் சேர்கிறது, எவ்வளவு இடத்தில் பரவுகிறது, தொடும் பரப்பு வழவழப்பா சொரசொரப்பா என்பவையும் அதே அளவுக்கு முக்கியம். முதல் இரண்டை வடிவம் முடிவு செய்கிறது, மூன்றாவதைப் பொருள் முடிவு செய்கிறது.

## முதலில் முடியைப் பார்ப்போம்

ஒரு தலைமுடியின் தடிமன் ஏறக்குறைய 0.05 முதல் 0.1 மில்லிமீட்டர். கண்ணுக்கு வழவழப்பான நூல்போலத் தெரிந்தாலும் அதன் வெளித்தோல் ஓட்டுக்கூரையைப் போன்றது. ஒன்றின்மேல் ஒன்று ஏறிய மெல்லிய செதில்கள், எல்லாமே நுனியைப் பார்த்துச் சாய்ந்திருக்கும். இந்தச் செதில் அடுக்குக்குப் பெயர் கியூட்டிக்கிள்.

இதை வீட்டிலேயே பார்க்கலாம். உதிர்ந்த நீளமான முடி ஒன்றை எடுத்து, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து, முடியின் நீளவாக்கில் விரல்களை முன்னும் பின்னுமாகத் தேயுங்கள். முடி ஒரு பக்கமாக மட்டும் மெல்ல நகர்ந்து போகும். எந்தப் பக்கம் முன்னால் போகிறதோ அதுதான் வேர்ப்பக்கம். செதில்கள் ஒரு திசையில் வழுக்கி, எதிர்த்திசையில் தடுப்பதால் வரும் வேடிக்கை இது.

இரண்டு பரப்புகள் உரசும்போது நகர்வைத் தடுக்கும் விசைக்கு உராய்வு என்று பெயர். வேரிலிருந்து நுனிக்குப் போகும் பொருளுக்கு முடி குறைந்த உராய்வையே தருகிறது. நுனியிலிருந்து வேருக்கு வரும் பொருளுக்கு அதிகம் தருகிறது. அதனால் நாம் நடக்கும் ஒவ்வொரு அடியிலும், தலையைத் திருப்பும் ஒவ்வொரு தடவையும் பேண்ட் ஒரு இழை கீழே இறங்கும். தானாகத் திரும்பி மேலே ஏறாது.

இன்னொரு விஷயமும் சேர்ந்துகொள்கிறது. முடிக்கற்றை நுனியை நோக்கிப் போகப் போக மெலிகிறது. பேண்ட் கொஞ்சம் இறங்கியதும் மெலிந்த இடத்துக்கு வந்துவிடும், அங்கே அதன் இழுப்பும் குறையும், அதனால் இன்னும் சுலபமாக இறங்கும். காலையில் போட்ட போனிடெயில் மதியம்வரை ஒழுங்காக நின்றுவிட்டு, திடீரென்று கழுத்துக்கு வந்துவிடுவது இதனால்தான்.

கண்டிஷனர் போட்டுத் தலைக்குக் குளித்த அன்று எந்தக் கிளிப்பும் நிற்காததற்குத் தனியாகக் காரணம் தேட வேண்டாம். கண்டிஷனர் செதில்களின்மேல் ஒரு மெல்லிய வழுக்குப் படலத்தை விட்டுச் செல்கிறது. அது செய்ய வேண்டிய வேலையே உராய்வைக் குறைப்பதுதான்.

இதுவரை பார்த்ததைச் சுருக்கினால், முடி நுனிப்பக்கம் வழுக்கும், கற்றையும் நுனிப்பக்கம் மெலியும். எந்த அணியும் இந்த இரண்டையும் எதிர்த்துத்தான் நிற்க வேண்டும்.

## கிளா கிளிப்: பெரியதுதான் நல்லது என்ற தப்புக்கணக்கு

பலர் கிளட்ச் என்று சொல்லும் கிளா கிளிப்பை ஒருமுறை கையில் எடுத்து மெதுவாகத் திறந்து பாருங்கள். வளைந்த இரண்டு தாடைகள், ஒவ்வொன்றிலும் ஒரு வரிசைப் பற்கள், மேலே விரலால் அழுத்த இரண்டு காதுகள், நடுவில் ஒரு கீல். கீலைச் சுற்றி உட்கார்ந்திருக்கும் சிறிய கம்பிச்சுருளுக்கு முறுக்குச் சுருள் என்று பெயர். முறுக்கினால் திரும்பிப் பழைய நிலைக்கு வரப் பார்க்கும் கம்பி அது. துணி காயப்போடும் கிளிப்பில் இருப்பதும் அதே ஆள்தான்.

இந்தச் சுருள் தாடைகளை மூடப் பார்க்கிறது. இடையில் முடி இருந்தால் அந்த விசை முடியின்மேல் விழும். அங்கேதான் ஒரு நுட்பம் இருக்கிறது. தாடைகள் முழுக்க மூடிவிட்டால் ஒருபக்கத்துப் பல் மறுபக்கத்துத் தாடையில் போய் முட்டி நின்றுவிடும். அதன்பிறகு சுருளின் விசை முழுவதையும் பிளாஸ்டிக் தாங்கும், முடிக்கு எதுவும் வராது. முடி அந்தக் கூண்டுக்குள் சும்மா உட்கார்ந்திருக்கும். மெல்லிய முடிக்காரர்கள் "எனக்குக் கிளட்ச்சே நிற்காது" என்று சொல்வதில் பெரும்பாலானவை இந்தக் கதைதான். அவர்கள் மாட்டுவது பெரிய கிளிப்பாக இருக்கும்.

என் அக்கா மகளுக்கு இப்படித்தான் நடந்தது. அவள் முடியைப் போனிடெயிலாகப் பிடித்து நூலால் சுற்றி அளந்தோம். சுற்றளவு 6 சென்டிமீட்டர், அதாவது குறுக்கே 2 சென்டிமீட்டருக்கும் கொஞ்சம் குறைவு. அதை முறுக்கி மேலே மடித்தால், தலையோடு ஒட்டி மூன்று சென்டிமீட்டர் அகலமும் இரண்டு சென்டிமீட்டர் உயரமுமாக ஒரு சின்ன உருளை. அவள் வைத்திருந்த கிளிப்பின் உள்வெளியோ நான்கு சென்டிமீட்டருக்கு மேல். அதைத் தலையில் போட்டதும் கிளிப்பின் காதுகளைப் பார்க்கச் சொன்னேன். வெறுமனே மேசையில் கிடந்தபோது இரண்டு காதுகளுக்கும் எவ்வளவு இடைவெளி இருந்ததோ, தலையிலும் அதே இடைவெளி இருந்தது. அப்படியென்றால் தாடை முழுக்க மூடிவிட்டது, சுருள் முடியைத் தொடவே இல்லை.

இரண்டரை சென்டிமீட்டர் உள்வெளி உள்ள கிளிப்பை மாட்டினோம். காதுகள் ஒன்றையொன்று நோக்கிக் கொஞ்சம் நெருங்கி நின்றன. தாடை முழுக்க மூட முடியாமல் முடியின்மேல் அழுத்துகிறது என்பதற்கு அதுதான் அடையாளம். தலையை ஆட்டிக் காட்டினாள், அசையவில்லை. கிளிப் வாங்கும் யாருக்கும் நான் சொல்வது இந்த ஒரு சோதனைதான்: மாட்டியபின் காதுகளின் இடைவெளி காலியாக இருந்ததைவிடக் குறைந்திருக்க வேண்டும்.

எதிர்ப்பக்கத் தவறும் உண்டு. அடர்ந்த முடியைச் சின்னக் கிளிப்பில் திணித்தால் பற்கள் ஒன்றையொன்று தாண்டிக் கோக்க முடியாது. முடியைத் தொடுவது பல்நுனி மட்டும்தான். கீலிலிருந்து தூரம் போகப் போகச் சுருளின் விசை குறையும், அதனால் நுனியில் பிடி மிகக் குறைவு. போதாததற்குத் தாடைகள் 'வி' எழுத்துபோல விரிந்து நிற்பதால், அழுத்தும் விசையே முடியை வெளியே தள்ளும். ஈர சோப்பை இறுகப் பிடித்தால் கையிலிருந்து தெறிப்பதுபோலக் கிளிப்பும் பின்னால் தெறிக்கும். முடியைக் கீல்வரை உள்ளே தள்ளி, எதிரெதிர்ப் பற்கள் குறுக்கே கோத்துக்கொள்ளும் அளவுக்கு விட்டால்தான் சுருளின் அழுத்தமும் பற்களின் கூண்டும் சேர்ந்து வேலை செய்யும்.

### தாடை எதனால் ஆனது?

பெரும்பாலான கிளிப்புகள் உருக்கிய பிளாஸ்டிக்கை அச்சில் ஊற்றி எடுப்பவை. அச்சின் இரண்டு பாதிகள் சேரும் இடத்தில் ஒரு மெல்லிய கோடு மேலெழுந்து நிற்கும். பற்களின் ஓரத்தில் நகத்தை ஓட்டினால் தட்டுப்படும். இதை வார்ப்புத் தையல் என்று வைத்துக்கொள்வோம். கிளிப்பைக் கழற்றும்போது "சரக்" என்று ஒரு முடி கூடவே வருகிறதென்றால் முதலில் சந்தேகப்பட வேண்டியது இதைத்தான். மெல்லிய நகத் தேய்ப்பானால் நாலு தேய் தேய்த்தால் சரியாகிவிடும்.

விலை கூடிய கிளிப்புகளில் செல்லுலோஸ் அசிட்டேட் என்ற பொருள் வரும். மரக்கூழ் அல்லது பஞ்சிலிருந்து எடுத்த செல்லுலோஸை வேதிமாற்றம் செய்து ஆக்கும் பிளாஸ்டிக் இது. மூக்குக்கண்ணாடிச் சட்டங்களிலும் இதையே பார்க்கலாம். பெரும்பாலும் தகடாகச் செய்து, வெட்டி, சூடாக்கி வளைத்து, மெருகேற்றுவார்கள். அதனால் வார்ப்புத் தையல் இருக்காது, கொஞ்சம் வளைந்தும் கொடுக்கும். இதை "இயற்கைப் பொருள், உடையவே உடையாது" என்று சொல்லி விற்பது மிகை. மூலம் செடியிலிருந்து வந்தாலும் இது பிளாஸ்டிக்தான், கீழே விழுந்தால் பல் போகும். நகப்பூச்சு அழிக்கும் திரவத்தில் உள்ள அசிட்டோன் பட்டால் பரப்பு கரைந்து பிசுபிசுக்கும்.

## ஸ்க்ரஞ்சி: அகலமானால் பிடி குறையுமா?

அமெரிக்காவில் ராமி ரெவ்சன் என்ற பாடகி 1987-ல் இதற்குக் காப்புரிமை பெற்றார். அப்போதிருந்த முடிக்கட்டுகள் தன் முடியைப் பாழாக்கியதால், இடுப்பில் எலாஸ்டிக் வைத்த பைஜாமாவைப் பார்த்து யோசனை பிடித்தார் என்பது அதன் கதை. அமைப்பும் அதேதான்: உள்ளே ஒரு எலாஸ்டிக் வளையம், அதன்மேல் அதைவிட இரண்டு மூன்று மடங்கு நீளமான துணிக்குழாய். துணி மிஞ்சியிருப்பதால் சுருங்கிச் சுருக்கங்களாக நிற்கிறது.

"ஸ்க்ரஞ்சி மென்மையானது, ஆனால் நிற்காது, ரப்பர் பேண்ட் நிற்கும், ஆனால் முடியை அறுக்கும்" என்பது எல்லோரும் சொல்வது. பாதி சரி. அகலமாக இருப்பதால்தான் நிற்பதில்லை என்று நினைப்பதுதான் தவறு.

ஒரு கணக்குப் போடுவோம். பேண்டை விரித்துப் பிடிக்கும்போது அது திரும்பச் சுருங்க இழுக்கிறதே, அதற்கு இழுவிசை என்று பெயர். இரண்டு பேண்டுகளின் இழுவிசையும் 200 கிராம் எடைக்குச் சமம் என்று வைத்துக்கொள்வோம். ஒன்று 4 மில்லிமீட்டர் அகலம், இன்னொன்று முடியைத் தொடும் இடத்தில் 16 மில்லிமீட்டர். ஒரு சுற்று சுற்றினால், கற்றையின்மேல் எல்லாத் திசைகளிலிருந்தும் விழும் அமுக்கத்தை மொத்தமாகக் கூட்டினால் இரண்டிலும் ஏறக்குறைய 1,250 கிராம்தான் வரும். இழுவிசையின் ஆறேகால் மடங்கு. இந்தக் கணக்கில் அகலத்துக்கு வேலையே இல்லை. உராய்வு தோராயமாக இந்த மொத்த அமுக்கத்தையும், தொடும் பரப்பின் தன்மையையும் பொறுத்தது. ஆகவே இரண்டு பேண்டும் ஒரே துணியால் மூடப்பட்டிருந்தால் பிடியும் ஏறக்குறைய ஒன்றுதான்.

மாறுவது அழுத்தம். ஒரு விசை எவ்வளவு இடத்தில் பரவுகிறது என்பதற்கான அளவு அது. மண்ணெண்ணெய் டின்னையோ தண்ணீர்க் குடத்தையோ மெல்லிய கம்பியில் தூக்கினால் விரல் அறுபடும், துணியைச் சுற்றித் தூக்கினால் அறுபடாது, எடை அதேதான். நான்கு மடங்கு அகலமான பேண்டில், முடியின் ஒவ்வொரு புள்ளியிலும் விழும் அழுத்தம் நான்கில் ஒரு பங்கு. கழற்றியபின் முடியில் மடிப்புத் தழும்பு விழாததும் அதனால்தான்.

அப்படியானால் ஸ்க்ரஞ்சி ஏன் வழுக்குகிறது? இரண்டு காரணம். உள்ளே வைக்கும் எலாஸ்டிக் பல சமயம் தளர்வாக இருக்கிறது. மேலே வைக்கும் துணி வழவழப்பாக இருக்கிறது. குறிப்பாக சாட்டின். சாட்டின் என்பது நாரின் பெயர் இல்லை, நெசவின் பெயர். நூல்கள் துணியின் மேற்பரப்பில் நீளமாக மிதந்து போகும்படி நெய்தால் அது சாட்டின், பட்டு நூலிலும் வரும், பாலியெஸ்டரிலும் வரும். மிதக்கும் நூல் உராய்வைக் குறைக்கும். தூங்கும்போது போட அதுவே நல்லது. ஓடியாடும்போது பருத்தி அல்லது வெல்வெட் உறை நிற்கும்.

இரண்டாவது சுற்று சுற்றினால் மொத்த அமுக்கமும் இரண்டு மடங்காகும், உண்மைதான். ஆனால் அந்தச் சுற்றுக்காகப் பேண்டை இன்னும் நீட்டுவதால் இழுவிசையும் ஏறும். தலைத்தோலை இழுக்கும் அளவுக்கு உயர்த்திக் கட்டி, மாதக்கணக்கில் அப்படியே விட்டால் நெற்றியோர முடி மெலியத் தொடங்கும். இழுப்பினால் வரும் முடியுதிர்வு என்று மருத்துவர்கள் சொல்வது இதைத்தான். ஈர முடி எளிதாக நீண்டு அறுபடும் என்பதால் ஈரத்தோடு இறுக்குவது இன்னும் மோசம்.

உறையில்லாத வெறும் ரப்பர் பேண்டைப் பற்றி நீட்டிச் சொல்ல ஒன்றுமில்லை. குறுகல், முடியோடு ஒட்டிக்கொள்ளும் பரப்பு, இரண்டு கெடுதலும் ஒரே இடத்தில். உறை போட்ட மெல்லிய பேண்டில் ஒட்டு எங்கே இருக்கிறது என்று மட்டும் பாருங்கள். சிலவற்றில் சின்ன உலோக வளையம் ஒன்று இரு முனைகளையும் கவ்வியிருக்கும், முடி சிக்குவது அங்கேதான்.

மொத்தத்தில் பிடியைத் தீர்மானிப்பவை இழுவிசையும் பரப்பின் தன்மையும். அகலம் தீர்மானிப்பது வலியையும் சேதத்தையும்தான்.

## ஹேர்பேண்ட்: விசை எங்கே போகிறது?

விறைத்த ஹேர்பேண்ட் குதிரை லாடம்போன்ற ஒரு வில். விரித்துத் தலையில் மாட்டியதும் உள்நோக்கிச் சுருங்கப் பார்க்கும். உச்சந்தலையில் அது பெரும்பாலும் சும்மா கிடக்கிறது, பிடிப்பது காதுக்குப் பின்னால் உள்ள இரண்டு நுனிகள்தான். எனவே பிடிக்கான விசை முழுவதும் இரண்டு சின்னப் புள்ளிகளில் குவிகிறது. ஒரு மணி நேரத்தில் தலைவலி வந்து, கழற்றியதும் போய்விடுகிறதென்றால் காரணம் அதுதான். வெளியழுத்தத் தலைவலி என்று மருத்துவத்திலும் இதற்குத் தனிப்பெயர் உண்டு. நுனி அகலமாகவும் கொஞ்சம் வெளியே திரும்பியும் இருக்கிற பேண்டைத் தேர்ந்தெடுங்கள். உள்பக்கம் பல்லோ வெல்வெட்டோ இருந்தால் குறைந்த அமுக்கத்திலேயே நிற்கும். துணியாலான எலாஸ்டிக் ஹேர்பேண்ட் விசையைத் தலையைச் சுற்றிலும் பரப்புகிறது. அதன் குறை வேறு: தலை பின்பக்கம் சரிவதால் மேலேறிக் கழன்றுவிடும்.

## பூச்சரம்: இரண்டு இடத்தில் பிடி

பூச்சரத்தைப் பார்க்கும்போது இரண்டு கேள்விகளைப் பிரிக்க வேண்டும். சரத்தில் பூ எப்படி நிற்கிறது? தலையில் சரம் எப்படி நிற்கிறது?

முதலாவதற்கு விடை கட்டும் கையில் இருக்கிறது. இரண்டு அல்லது நான்கு மொக்குகளைக் காம்போடு காம்பு சேர்த்து, தலைகள் எதிரெதிராகப் பார்க்கும்படி நூலின்மேல் வைத்து, நூலைச் சுற்றி வளையம் போட்டு இழுத்தால் முடிச்சு காம்புகளை இறுக்கிக்கொள்ளும். ஊசி இல்லை, துளை இல்லை. காம்பைப் பிடித்திருப்பது உராய்வு மட்டுமே. ரப்பர் பேண்டில் பார்த்த அதே கணக்கு இங்கே இன்னும் கூர்மையாக வரும். மெல்லிய பருத்தி நூலில் இழுப்பு கொஞ்சம் கூடினால் மல்லிகைக் காம்பு அறுந்து பூ கையோடு வந்துவிடும். தளர்ந்தால் உருவிக்கொள்ளும். புதிதாகக் கட்டப் பழகுபவர் கீழே உதிர்ந்து கிடக்கும் பூக்களைப் பார்த்தாலே எந்தத் தவறு என்று சொல்லிவிடலாம்: காம்பு நறுக்கென்று போயிருந்தால் இறுக்கம் அதிகம், காம்பு முழுசாக இருந்தால் குறைவு.

வாழைநார் இதற்கு ஏன் பொருந்துகிறது என்பதும் இப்போது புரியும். நனைத்த நார் தட்டையானது, ஸ்க்ரஞ்சிபோலவே இழுப்பை அகலமாகப் பரப்பும். நன்றாக இழுத்தாலும் காம்பு அறுபடுவதில்லை. ஈரத்தில் வளைந்துகொடுக்கும் நார் காய்ந்ததும் விறைத்து, முடிச்சு போட்ட வடிவத்திலேயே நிற்கும். நைலான் நூல் எதிர்முனை: உறுதி உண்டு, ஆனால் வழவழப்பு. முடிச்சு தானாகத் தளரும், மெலிதாக இருப்பதால் காம்பையும் வெட்டும்.

இரண்டாவது கேள்விக்கு விடை ஸ்லைடு. சரத்துக்குச் சுருங்கும் விசை எதுவும் கிடையாது, முடியின்மேல் அது வெறும் எடை. நடுவில் ஒரே ஸ்லைடைக் குத்தினால் சரத்தின் இரண்டு பக்கமும் ஊஞ்சலாடி, ஒவ்வொரு ஆட்டத்திலும் ஸ்லைடை வழுக்கும் திசையில், அதாவது நுனிப்பக்கம், இழுக்கும். இரண்டு முனையிலும் ஒவ்வொன்று குத்தினால் ஆட்டம் நிற்கும். ஸ்லைடு பிடிக்க வேண்டியது நூலை, பூவை அல்ல. பூவைப் பிடித்தால் இதழ் கசங்கி வழுக்கும். பின்னலின் ஒரு கால் வழியே நூலோடு சேர்த்து ஸ்லைடைச் செலுத்துங்கள். பின்னல் ஒன்றோடொன்று கோத்திருப்பதால் தனி முடியைப்போல நுனிப்பக்கம் வழுக்கிப் போகாது. வழவழப்பான விரித்த கூந்தலில் சரம் நிற்காமல், அதே கூந்தலைப் பின்னினால் நிற்பது இதனால்தான்.

கனகாம்பரம் மல்லிகையைவிட லேசானது, அதற்கு இத்தனை பாதுகாப்பு தேவைப்படாது. நெருக்கமாகக் கட்டிய மல்லிகைக்குத் தேவைப்படும். மொக்காகக் கட்டினால் சாயங்காலம் விரிந்து சரம் பருத்துவிடும் என்பதையும் கணக்கில் வைக்க வேண்டும்.

பிறகு பூவிலிருந்து நீர் வெளியேறும். காம்பும் சுருங்கும். ஆனால் பருத்தி நூல் வளையம் கட்டியபோது இருந்த அளவிலேயே நிற்கும், எலாஸ்டிக்போலப் பின்னாலேயே சுருங்கிவராது. காம்புக்கும் வளையத்துக்கும் நடுவில் ஒரு மயிரிழை இடைவெளி விழும். இரவு முழுக்க உதிராமல் இருந்த பூ, காலையில் தலையணையிலிருந்து எழுந்ததும் காம்பு அறாமல், முழுசாக, பொலபொலவென்று உதிர்வது அந்த இடைவெளி வழியாகத்தான்.